இங்கிலாந்துப் படிப்பா, சென்னை வேலையா: குலசேகரத்திலிருந்து ஒரு கேள்வி

குலசேகரம் பையன்: மெக்கானிக்கல் முடிக்கப் போகிறேன். இங்கிலாந்தில் ஒரு வருட முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, மொத்தம் 30 லட்சம் ஆகும். சென்னையில் மாதம் 25,000 ரூபாய் வேலையும் இருக்கிறது. அப்பாவின் ரப்பர் தோட்டத்தை ஈடு வைத்து இப்போதே போகலாமா?

மார்த்தாண்டம் அண்ணன்: போ மக்கா. வேலைக்குப் போனவன் திரும்பப் படிக்கப் போய் நான் பார்த்ததில்லை. அனுபவம் பெரும்பாலும் எம்பிஏவுக்குத்தான் கேட்பார்கள். கடன் தவணையும் படிப்பு முடிந்துதானே வரும்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்: தவணைதான் பிறகு வரும். வட்டி, பணம் கொடுத்த நாளிலேயே ஓட ஆரம்பித்துவிடும். 11 சதவீதம் என்று வைத்துக்கொள் தம்பி. படிப்பு ஒரு வருடம், அவகாசம் ஒரு வருடம். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கியிருந்தால் 30 லட்சம் 36.6 லட்சமாகிவிடும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 50,400 ரூபாய். அங்கே வேலை கிடைத்தால் சமாளிப்பாய். கிடைக்காமல் ஊர் திரும்பினால் அந்த 25,000 சம்பளத்தில் எதைக் கட்டுவாய்?

இன்னொன்று, தோட்டம் விவசாய நிலம். கோர்ட்டுக்குப் போகாமலேயே வங்கி ஈட்டுச் சொத்தை ஏலம் விட வழிசெய்யும் சர்பாசி சட்டம் அதற்குப் பொருந்தாது, தவணை நின்றால் அந்தச் சட்டத்தில் ஏலம் விட முடியாது. அதனால் பல கிளைகள் வீட்டுப் பத்திரத்தைத்தான் கேட்கும்.

கருங்கல் அக்கா: என் மகள் நர்சிங் முடித்து, இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நின்ற பிறகுதான் வெளிநாடு போனாள். அனுபவம் இல்லாமல் எடுக்கவே மாட்டார்கள்.

குலசேகரம் பையன்: அக்கா, அது வேலைக்கு. நான் கேட்பது படிப்புக்கு.

மார்த்தாண்டம் அண்ணன்: படித்து முடித்து அங்கேயே இரண்டு வருடம் வேலை தேடலாமே?

பிரிஸ்டலில் தக்கலைக்காரன்: படித்து முடித்து அங்கே தங்கி வேலை தேடும் விசாவுக்கு 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பித்தால் 18 மாதம்தான். அதற்குள், வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் வேண்டும். புதிதாகப் படித்து வந்தவருக்கும் பொதுவாக ஆண்டுக்கு 33,400 பவுண்டு சம்பளம் வேண்டும். நான் கல்லூரியிலிருந்து நேரே வந்தவன். பதினொரு மாதம் கிடங்கில் பெட்டி தூக்கினேன். என்னோடு படித்தவன் மூன்று வருடம் ஒரகடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். இன்டர்வியூவில் பேச அவனிடம் விஷயம் இருந்தது. முதுகலைக்கு அனுபவம் தேவையில்லை என்று அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் அதற்கு அடுத்த படியில் தேவைப்படுகிறது. ஒரு வருடம் தள்ளிச் சேரலாமா என்று பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டுக் கேள். பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதத்தை இப்போதே வாங்கிவிடு, அப்புறம் அவர்களுக்கு உன் முகமே மறந்துபோகும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதையும் மறக்காதே.

மார்த்தாண்டம் அண்ணன்: 25,000 ரூபாயில் சென்னை வாடகை போக என்ன மிஞ்சும்? அதற்குள் கட்டணமும் ஏறிவிடும்.

பிரிஸ்டலில் தக்கலைக்காரன்: ஏறும், மறுக்கவில்லை.

குலசேகரம் பையன்: அப்பாவிடம் கேட்டேன். வீட்டுப் பத்திரம் இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கிறதாம்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்: அப்படியானால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கு அத்தைகள் எத்தனை பேர்?

குலசேகரம் பையன்: நான்கு.