புதுப்பிப்பு: போனை ஆங்கிலத்துக்கு மாற்றியது

என் பழைய கேள்வி: "இங்கிலீஷ் பழக போனை இங்கிலீஷுக்கு மாத்தினா ஆத்தாவுக்கு என் போன்ல வாட்ஸ்அப் பார்க்க வராதே, பாதி மட்டும் மாத்த வழி இருக்கா?"

இருக்கிறது. ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழி வைக்கலாம் என்று காரைக்குடியில் போன் கடை வைத்திருக்கும் அண்ணன் காட்டினார். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் App languages என்று அடித்தால் பட்டியல் வரும். போன் ஆங்கிலம், வாட்ஸ்அப் தமிழ், பணம் அனுப்பும் செயலியும் தமிழ்தான், ஏனென்றால் அவசரத்தில் தப்பாகத் தொட்டால் நஷ்டம். பட்டியலில் இல்லாத செயலி பெரும்பாலும் போனின் மொழியிலேயே வரும்.

தமிழில் டைப் செய்ய முடியாதே என்றார் தேவகோட்டை நண்பர். விசைப்பலகை மொழி வேறு, அது அப்படியே இருக்கும். யூடியூபும் இங்கிலீஷ் வீடியோவாகக் காட்டும் என்று தம்பி சொன்னது பாதிதான் சரி, மெனு மாறியது, வீடியோக்கள் பெரும்பாலும் நாம் பார்ப்பதை ஒட்டித்தான் வருகின்றன, ஆங்கில சமையல் சேனல்களைத் தேடிப் பார்த்த பிறகே மாறின.

அப்புறம் குரோம். ஆங்கிலப் பக்கங்களைத் தானாகவே தமிழாக்கிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

மெனு சொற்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், விரல் படத்தைப் பார்த்தே தொடும். இப்போது "Allow only while using the app" மாதிரி வரும் கேள்விகளையும் பிழைச் செய்திகளையும் முழுதாகப் படித்த பிறகே தொடுகிறேன், புதிய வாக்கியங்கள் அங்கேதான் கிடைக்கின்றன. பேச்சுக்கு இது உதவுமா என்பது இன்னும் தெரியவில்லை.