டன் கிலோமீட்டர் கணக்கு: முக்கால்வாசி காலியாக ஏறுவதை எதில் சேர்ப்பது?

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றும் லாரி ஒன்று வைத்திருக்கிறேன். போக 50 கிலோமீட்டர், வர 50 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத் தவணை இல்லை. தேய்மானம், இன்சூரன்ஸ், வரி, எஃப்சி, டிரைவர் சம்பளம் எல்லாம் மாதம் 66,000. 22 நடை ஓடினால் நடைக்கு 3,000. டீசல், பேட்டா, டயர், பிரேக் லைனிங் இன்னொரு 3,000. ஆக 6,000.

இதை 9 டன், 100 கிலோமீட்டர் என்று 900ஆல் வகுத்து, டன் கிலோமீட்டருக்கு 6.67 என்று வாடகை பேசிவிட்டேன். கையைக் கடித்தது. ஏறும்போது 2 டன் உரம்தானே வருகிறது! சரியாகப் பார்த்தால் 9×50, 2×50, மொத்தம் 550. செலவு 10.91. மழையில் மண் சரிந்து 15 நடைதான் ஓடினால் 13.45 ஆகிறது.

பர்லியாறு தாண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போதுதான் டீசல் குடிக்கிறது. இறங்கும்போது டீசல் மிச்சம். ஆனால் பிரேக் டிரம் தீய்ந்த வாடை கேபின் வரை வரும். அதனால் கிலோமீட்டரை வைத்துச் செலவைப் பாதிப் பாதியாகப் பிரிக்க மனம் வரவில்லை.

என் சந்தேகம் இதுதான்: திரும்பும் செலவு முழுவதையும் கேரட் தலையில் கட்டிவிட்டு, உரத்துக்குக் கூடுதல் டீசலும் ஏற்றுகூலியும் மட்டும் அடித்தட்டு விலையாக வைக்கலாமா? இல்லை, இரண்டுக்கும் ஒரே 10.91தானா? மலையில் ஓட்டுபவர்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்?