டாலர்–யென் தினசரி சார்ட்: 150-ஐத் தாண்டியது என்று நினைத்தேன், 141-க்கு இறங்கிவிட்டது. எங்கே தப்பாகப் படித்தேன்?

கத்துக்குட்டி_கோவை:
வணக்கம். நாணய மாற்று சார்ட் படிக்கப் பழகி ஒன்றரை மாதம் ஆகிறது. பணம் எதுவும் போடவில்லை, பழைய சார்ட்டை வைத்துப் பயிற்சி மட்டும்தான். 2022 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான USD/JPY தினசரி சார்ட்டை எடுத்துக்கொண்டேன். வலது பக்கத்தை ஒரு காலண்டர் அட்டையால் மறைத்து, ஒவ்வொரு வாரமாக நகர்த்திப் பார்க்கிறேன்.

2022 அக்டோபரில் உச்சம் ஒரு டாலருக்கு 150 யென்னை ஒட்டி வந்தது. விலை அதற்கு மேல் போகாமல் முட்டித் திரும்பும் இடம் என்று அங்கே பென்சிலில் ஒரு தடைக் கோடு போட்டேன். 2023 அக்டோபர் கடைசியில் விலை 151-ஐத் தாண்டியது. "சரி, தடை உடைந்தது, இனி மேலேதான்" என்று நோட்டில் எழுதி வைத்தேன். அட்டையை நகர்த்தினால் டிசம்பர் கடைசியில் 141 பக்கம் நிற்கிறது! அதே சார்ட்டைப் பார்த்த என் மச்சான், "தடை உடையவே இல்லையே, நீ எதைப் பார்க்கிறாய்?" என்கிறார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே நாணயம், ஒரே நாட்கள். எப்படி இரண்டு பதில் வரும்?

ராஜி_திருச்சி:
உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி. தடை 150 இல்லை, 152. 2022 அக்டோபர், 2023 நவம்பர், 2024 மார்ச் என்று மூன்று தடவை அதே இடத்தில் முட்டித் திரும்பியிருக்கிறது. எத்தனை தடவை முட்டுகிறதோ அத்தனைக்குச் சுவர் கெட்டி. மூன்று தடவை என்றால் கான்கிரீட். அங்கே விற்றால் போதும்.

ஒசாகா_செல்வம்:
நான் ஒசாகாவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். இந்தச் சார்ட் மேலே போனால் எனக்கு லாபமா நஷ்டமா? எப்போது அனுப்பலாம் என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய_டீலர்:
கத்துக்குட்டி, நீங்கள் பார்ப்பது கோட்டுச் சார்ட்தானே? மச்சான் பார்ப்பது கேண்டில் சார்ட்டாக இருக்கும், அதில் அன்றைய உச்சமும் பள்ளமும் திரியாக நீண்டு தெரியும். கேட்டுப் பாருங்கள்.

கோட்டுச் சார்ட்டில் ஒரு நாளைக்கு ஒரே புள்ளிதான், அன்றைய முடிவு விலை. டாலர்–யென்னுக்கு அந்த "முடிவு" பெரும்பாலும் நியூயார்க் மாலை 5 மணி. அங்கே கோடைக்காலம் என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 2:30. 2022 அக்டோபர் 21 வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் விலை 151.94 வரை போனது. அப்புறம் ஜப்பான் நிதி அமைச்சகம் சந்தையில் டாலரை விற்று யென்னை வாங்கியது. அன்று ஒரே நாளில் 5.62 டிரில்லியன் யென் செலவானதாகப் பின்னால் அவர்களே கணக்கு வெளியிட்டார்கள். சில மணி நேரத்தில் விலை ஐந்து யென்னுக்கு மேல் சரிந்து, நாள் முடியும்போது 147-க்கும் 148-க்கும் இடையில் நின்றது.

உங்கள் கோட்டில் விழுந்த புள்ளி அந்த 147 சொச்சம். மச்சானின் கேண்டிலில் 151.94 வரை நீண்ட ஒரு திரி நிற்கும். அந்தச் சார்ட்டிலேயே முக்கியமான திரி அதுதான், அது உங்கள் தாளில் இல்லவே இல்லை. அதனால் முந்தைய நாளின் 150-ஐ உச்சம் என்று எடுத்துக்கொண்டீர்கள். தடையை நீங்கள் இரண்டு யென் கீழே வரைந்துவிட்டீர்கள். 2023 நவம்பர் 13 அன்று விலை 151.91 வரை போய்த் திரும்பியது. உங்கள் கோட்டுக்கு அது தாண்டல், மச்சானுக்கு அது முட்டல்.

கத்துக்குட்டி_கோவை:
ஆமாம் சார், அவருடையது கேண்டில்தான்! அப்படியானால் கோட்டுச் சார்ட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பழைய_டீலர்:
வேண்டாம். போக்கு பார்க்க அது நல்லது, இரைச்சல் குறைவு. உங்கள் தாளிலேயே பள்ளங்களை மட்டும் வட்டமிடுங்கள். திரியையும் சேர்த்துச் சொன்னால் 2023 ஜனவரி 127, மார்ச் 129 சொச்சம், ஜூலை 137, டிசம்பர் 140. ஒவ்வொரு பள்ளமும் முந்தையதைவிட மேலே. நீங்கள் பயந்த அந்த டிசம்பர் சரிவு, ஜூலைப் பள்ளத்தை உடைக்கவில்லை. விலை 11 யென் இறங்கியது, ஏறுமுகம் மட்டும் கெடவில்லை. "தடை உடைந்தது" என்று எழுதியதுதான் பிழை. "போக்கு மேலே" என்று எழுதியிருந்தால் அது பிழையில்லை.

இனி ராஜியின் கான்கிரீட். முட்டிய எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள் ராஜி. ஒவ்வொரு முட்டலுக்குப் பிறகும் எவ்வளவு ஆழம் விழுந்தது என்று அளந்து பாருங்கள். முதல் தடவை 151.94-இலிருந்து 127.2 வரை, ஏறக்குறைய 25 யென். இரண்டாம் தடவை 151.91-இலிருந்து 140.25, அதாவது 11 யென் சொச்சம். மூன்றாம் தடவை 2024 மார்ச் 27, 151.97. அப்புறம் ஏப்ரல் 5 அன்று 150.81 வரைதான் இறங்கியது. ஒரு யென் சொச்சம்! விற்பவர்கள் அதே இடத்தில் காத்திருந்தார்கள், ஆனால் வாங்குபவர்கள் ஒவ்வொரு தடவையும் முன்னதாகவே வந்துவிட்டார்கள். ஏப்ரல் 10 அன்று அமெரிக்கப் பணவீக்கம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக 3.5 சதவீதம் என்று வந்ததும் உடைந்தது. அன்று விலை 153-ஐ ஒட்டி முடிந்தது. இந்தத் தடவை முடிவு விலையே தாண்டியது, வெறும் திரி இல்லை. மூன்று தடவை முட்டியதை நம்பி அங்கே விற்று வைத்தவர் ஏப்ரல் 29 அன்று 160-ஐப் பார்த்திருப்பார்.

ராஜி_திருச்சி:
160 போனது அன்றே திரும்பியதே சார். அப்போதும் அரசு தலையிட்டதுதானே? நான் விட்டுப் பிடித்திருப்பேன்.

பழைய_டீலர்:
எட்டு யென் எதிராகப் போகும்வரை உங்கள் வைப்புத்தொகை தாங்கியிருந்தால் பிடித்திருப்பீர்கள். நான் டீலிங் ரூமில் இருந்தபோது அப்படி "விட்டுப் பிடிக்க" உட்கார்ந்தவர்களின் முகங்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

சந்தேகப்பிராணி:
எனக்கு இதெல்லாம் ஜாதகம் மாதிரிதான் தெரிகிறது. நடந்து முடிந்த சார்ட்டில் எங்கே கோடு போட்டாலும் எதையாவது தொடும். அரசு டாலர் விற்றதால் விழுந்தது, பணவீக்கம் வந்ததால் ஏறியது. இதில் கோட்டுக்கு என்ன வேலை?

பழைய_டீலர்:
பாதி ஒத்துக்கொள்கிறேன். 152-ல் தடை வந்தது கோட்டின் மகிமையால் இல்லை. அரசு ஒருமுறை அங்கே அடித்தது. அதற்குப் பிறகு சந்தையில் இருந்த எல்லோருக்கும் அந்த எண் பயமாகப் பதிந்துவிட்டது. மார்ச் 27 அன்று விலை அங்கே வந்ததும் நிதி அமைச்சகமும் ஜப்பான் வங்கியும் நிதிச் சேவைகள் முகமையும் அவசரமாகக் கூடிப் பேசின, அது போதும் விலை தயங்க. அந்த ஞாபகம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் கோடு காட்டுகிறது.

ஆனால் அட்டையால் மறைத்தபடியே அடுத்ததையும் பாருங்கள். உடைந்த பிறகு மே 3 அன்று விலை இறங்கி வந்து 151.86-ல் நின்று திரும்பியது. ஜூலை 25 அன்று மறுபடியும் 152-ஐத் தொட்டபடி இறங்கி, அதே இடத்தில் நின்று திரும்பியது. முன்பு கூரையாக இருந்தது இப்போது தரை. அப்புறம் ஜூலை 31 அன்று ஜப்பான் வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. தரை போனது, ஆகஸ்ட் 5 அன்று 141.7. மே 3-க்கு முன்பே 152-ல் கோடு வைத்திருந்தவருக்கு மே 3, ஜூலை 25 இரண்டும் பின்னால் பொருத்திய கதை இல்லை. இவ்வளவு சுத்தமாகப் பைசா கணக்கில் நிற்பது அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக நான் கோடு போடமாட்டேன், ஒரு யென் அகலத்துக்குப் பென்சிலைச் சாய்த்து ஒரு பட்டையாகத் தேய்த்து வைப்பேன்.

சந்தேகப்பிராணி:
நின்ற உதாரணத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நிற்காத பட்டைகளை யார் எண்ணுவது?

பழைய_டீலர்:
நியாயமான கேள்வி. நான் எண்ணியதில்லை.

செல்வம் தம்பி, உங்களை மறந்துவிட்டோம். இந்தச் சார்ட் ஒரு டாலருக்கு எத்தனை யென் என்று காட்டுகிறது. மேலே போனால் யென் வலுவிழக்கிறது, உங்களுக்கு நஷ்டம். ஆனால் உங்களுக்கு வேண்டிய விலை இதில் நேராக இல்லை. டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதை இந்த எண்ணால் வகுக்க வேண்டும். 2024-ல் ரூபாய் பெரும்பாலும் 83-லும் 84-ஐ ஒட்டியும் அசையாமல் கிடந்தது. அதனால் ஜூலைத் தொடக்கத்தில் டாலர் 161.9 யென்னாக இருந்தபோது நூறு யென்னுக்கு 51 ரூபாய் 60 காசு போல. ஆகஸ்ட் 5-ல் 141.7 ஆனபோது 59 ரூபாய். ரூபாயும் சேர்ந்து அசைகிற காலத்தில் இந்த ஒரு சார்ட்டைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். யென்–ரூபாய் சார்ட்டையே தனியாகத் திறந்து பாருங்கள். அனுப்பும் நிறுவனம் இதில் எவ்வளவு பிடிக்கிறது என்பது வேறு கணக்கு.

ஒசாகா_செல்வம்:
நன்றி ஐயா. ஒரு மாதத்தில் நூறு யென்னுக்கு ஏழு ரூபாயா! நான் ஜூலை முதல் வாரம்தான் மொத்தமாக அனுப்பினேன். அக்கா கல்யாணம், காத்திருக்க முடியவில்லை.

கத்துக்குட்டி_கோவை:
எல்லோருக்கும் நன்றி. கேண்டிலில் மறுபடி வரைந்தேன், 151.5 முதல் 152 வரை பட்டையாக. ராஜி அக்கா, உடைந்ததா இல்லையா என்று தீர்மானிக்க எத்தனை நாள் முடிவு விலை பார்ப்பீர்கள்?

இன்னொன்று. இந்தச் சார்ட்டைப் பார்த்ததிலிருந்து ஒரு செயலியிலிருந்து தினமும் அழைக்கிறார்கள், 10,000 ரூபாய் போட்டால் டாலர்–யென் வாங்கி விற்கலாமாம்.

ராஜி_திருச்சி:
ஒரு நாள் போதும், ஆனால் பட்டைக்கு அரை யென்னாவது வெளியே முடிய வேண்டும்.

பழைய_டீலர்:
நான் இரண்டு நாள் பார்ப்பேன். இதில் எங்கள் அறையிலேயே சண்டை வரும்.

அந்தச் செயலிக்குப் பணம் போடாதீர்கள். இந்தியாவில் இருந்துகொண்டு ரிசர்வ் வங்கி அனுமதிக்காத தளத்தில் நாணய வர்த்தகம் செய்தால் அன்னியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி நடவடிக்கை வரும், பணம் போடுகிறவர் மீதும் சேர்த்துத்தான். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்பதால் அனுமதி உண்டு என்றும் ஆகிவிடாது.

கத்துக்குட்டி_கோவை:
எண்ணைத் தடை செய்துவிட்டேன் சார். இப்போது வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டேன். 2022 செப்டம்பர் 22-லும் அரசு தலையிட்டதாம், அன்றைய உச்சம் 145.90. 2023 ஜூன் 30-ல் 145.07 வரை போய்த் திரும்பியிருக்கிறது. இது ஒரே பட்டையா? மச்சான் 83 காசு இடைவெளி அதிகம் என்கிறார். நீங்கள் சொன்ன ஒரு யென் அகலத்துக்குள் வருகிறது. ஆனால் ஆகஸ்டில் விலை அங்கே வந்தபோது பெரிதாகத் திரும்பவும் இல்லை, சட்டென்று தாண்டவும் இல்லை, இரண்டு வாரம் அங்கேயே இழுத்துக்கொண்டு கிடந்தது.

பழைய_டீலர்:
படத்தைப் போடுங்கள், ஆகஸ்ட் முழுவதும் தெரிகிற மாதிரி. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.