கேட்வே மாதக் குறைந்தபட்சக் கட்டணம்: யூபிஐ விற்பனை கணக்கில் வருமா? உங்கள் அனுபவம் என்ன?

கடல்வாசம் (தூத்துக்குடி)

கருவாடும் மாசிப் பொடியும் சொந்த இணையதளத்தில் விற்கிறேன். தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் அனுப்புகிறேன். ஜிஎஸ்டி பதிவு இல்லை. ஆர்டர்கள் பெரும்பாலும் 600, 900 ரூபாய் அளவில் வரும்.

இணையதளத்தில் வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கித் தருகிற பழைய கேட்வேயின் பிளானில் கார்டுக்கு 2%, யூபிஐக்கு ஒன்றும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. வேறொரு நிறுவனத்திலிருந்து பேசினார்கள். கார்டுக்கு 1.6% போதும், மாதத்துக்குக் குறைந்தது 750 ரூபாய் கமிஷன் வர வேண்டும் என்றார்கள். எனக்கு மாத விற்பனை 60,000 வரும் என்றேன். "60,000க்கு 1.6% போட்டால் 960, மினிமத்தைத் தாண்டிவிடுமே சார்" என்றார் பேசியவர்.

முதல் மாத பில் இது. மொத்த விற்பனை 60,000. அதில் யூபிஐ 45,000, கார்டு 15,000. கார்டு கமிஷன் 240. "குறைவை ஈடு செய்தல்" என்று தனி வரியில் 510. அந்த 510க்கு ஜிஎஸ்டி 91.80. ஆக 841.80. பழைய பிளானில் இதே மாதம் 300 ரூபாயோடு முடிந்திருக்கும்.

அடுத்தது புரட்டாசி. கருவாட்டு வியாபாரத்துக்குப் புரட்டாசி எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. மொத்தமே 9,000, கார்டில் வந்தது 2,000. கமிஷன் 32. ஆனால் கட்டியது 879.24.

யூபிஐ விற்பனை மினிமத்தில் சேராது என்று ஒப்பந்தத்தில் எங்கேயும் நேராக எழுதவில்லை. "ஈட்டப்பட்ட கமிஷன்" என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. மற்றவர்களுக்கு எப்படி?

பட்டுநூல்

எங்களுக்கும் மாதம் பிடிக்கிறார்கள் அண்ணா. ஆரணியில் கடை. கவுண்டரில் வைத்திருக்கிற கார்டு மெஷினுக்கு மாத வாடகை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஸ்வைப் ஆனால் வாடகை கிடையாது என்றார்கள். மார்கழியில் கல்யாணம் இல்லை, சேலை போகாது, அந்த மாதம் வாடகை விழுந்துவிடும். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் வழி.

கடல்வாசம்

நான் சொல்வது மெஷின் இல்லை அக்கா, வெப்சைட்டில் பணம் வாங்குகிற கேட்வே. திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் மந்த மாதத்தில் அடி விழுவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

விதிமுறை

யூபிஐக்குக் கட்டணம் வாங்குவதே சட்டப்படி தப்பு. 2020 ஜனவரி 1லிருந்து யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர், அதாவது பணம் வாங்குவதற்காக வியாபாரியிடம் வங்கி பிடிக்கிற கட்டணம், பூஜ்யம். உங்களிடம் வாங்கிய 510 யூபிஐக்கான கட்டணம்தான், பெயரை மாற்றியிருக்கிறார்கள். புகார் கொடுங்கள், திரும்ப வரும்.

பேரேடு

சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், இந்த பில்கள் தினமும் கையில் வரும்.

விதிமுறை சொன்ன தேதி சரி. ஆனால் பூஜ்யமானது எம்டிஆர் மட்டும்தான். கேட்வே நிறுவனம் தன் மென்பொருளுக்கு, டாஷ்போர்டுக்கு, ரீஃபண்ட் வேலைக்கு என்று சேவைக் கட்டணம் தனியாக வாங்குகிறது. யூபிஐ உட்பட எல்லாவற்றுக்கும் 2% என்று போடுகிற பிளான்கள் சாதாரணமாக இருக்கின்றன. அதனால் 510 திரும்ப வரும் என்று நம்பிப் புகார் கொடுக்காதீர்கள்.

கடல்வாசம் அவர்களே, உங்கள் பிளானில் 1.6% என்பது பேச்சுக்குத்தான். கார்டு விற்பனை மட்டும் 46,875ஐத் தாண்டினால்தான் அந்த விகிதம் வேலை செய்யும். அதுவரை நீங்கள் கட்டுவது மாதச் சந்தா. சந்தா என்று நினைத்துப் பார்த்தால் முடிவெடுப்பது சுலபம்.

எல்லோருக்கும் இது மோசமான பிளான் என்றும் சொல்ல மாட்டேன். என்னிடம் கணக்கு எழுதுகிற ஒருவர் யூபிஐக்கும் சேர்த்து 2% கொடுத்துக்கொண்டிருந்தார். ஜிஎஸ்டியை விட்டுவிட்டுப் பார்த்தால், மொத்த விற்பனை 37,500ஐத் தாண்டும் மாதமெல்லாம் அவருக்கு உங்கள் பிளான்தான் லாபம். உங்களுக்கு முன்பே யூபிஐ இலவசம், அதனால் இது நஷ்டம்.

இன்னொன்று. 2,000 ரூபாய்க்கு உட்பட்ட கார்டு ஆர்டர்களின் கமிஷனுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. உங்கள் பில்லில் 240க்கு ஜிஎஸ்டி போடாமல் 510க்கு மட்டும் போட்டிருப்பது அதனால்தான். ஜிஎஸ்டி பதிவு இல்லாததால் அந்த 91.80 உங்களுக்குத் திரும்ப வராது.

ஊசிமுனை

ஆரி வேலை பிளவுஸ் தைத்து அனுப்புகிறேன். எனக்கு மினிமம் கிடையாது, தொல்லை ரீஃபண்டில்தான். 2,400 ரூபாய் ஆர்டர் ஒன்று, கார்டில் வந்தது. கமிஷன் 48, ஜிஎஸ்டி 8.64, மீதி 2,343.36 அக்கவுண்டுக்கு வந்தது. அளவு சரியில்லை என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார். அவருக்கு முழு 2,400ம் போனது. அந்த 56.64ஐ கேட்வே திருப்பித் தரவில்லை. அன்றைக்கு வேறு விற்பனை குறைவு, ரீஃபண்டுக்குப் பணம் போதவில்லை என்று அப்படியே நிறுத்திவைத்துவிட்டார்கள். அடுத்த ஆர்டர் வரும்வரை வாடிக்கையாளர் என்னைத்தான் திட்டினார்.

சரி, ஒரு சந்தேகம். ரீஃபண்ட் ஆன ஆர்டரின் கமிஷன் மினிமத்தில் சேருமா?

பேரேடு

நான் பார்த்ததில் ஒரு நிறுவனம் சேர்த்தது, இன்னொன்று கழித்தது. எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

கடல்வாசம்

பணம் வரும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு டி பிளஸ் 2, வேலை நாள் கணக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரிதான் ஆர்டர் அதிகம். மறுநாள் இரண்டாம் சனி, அடுத்து ஞாயிறு, அப்புறம் திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. செவ்வாய் மதியம்தான் பணம் ஏறும். ஆனால் சரக்குக்குச் சனிக்கிழமை காலையிலேயே கையில் காசு வேண்டும். உலர்த்துகிறவர்கள் கடன் சொன்னால் நல்ல நெத்திலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

விதிமுறை

நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தே ஞாயிறு, விடுமுறை எல்லாம் 24 மணி நேரமும் ஓடுகிறதே. வேண்டுமென்றே பிடித்து வைக்கிறார்கள்.

பேரேடு

இதில் பாதி நியாயம் இருக்கிறது. பணம் அனுப்ப வழி இருக்கிறது, உண்மை. ஆனால் கார்டு பணம் கேட்வேயின் எஸ்க்ரோ கணக்குக்கு, அதாவது வியாபாரிகளின் பணத்தைத் தனியாக வைக்கிற கணக்குக்கு, வந்து சேரவே நேரம் ஆகும். யூபிஐ பணம் அவர்களிடம் சீக்கிரம் வந்துவிடும், அதையும் கார்டோடு சேர்த்து நிறுத்துவது ஒப்பந்தத்தில் எழுதியபடி. யூபிஐக்கு மட்டும் டி பிளஸ் 1 கேட்டுப் பாருங்கள், விற்பனை சீராக இருந்தால் சிலருக்குக் கொடுக்கிறார்கள்.

உடனடி செட்டில்மென்ட் வசதி இருக்கிறதா?

கடல்வாசம்

இருக்கிறது, 0.25% கூடுதல். 20,000 எடுத்தால் 50 ரூபாய், ஜிஎஸ்டியோடு 59. நல்ல சரக்கு வருகிற வாரத்தில் மட்டும் எடுக்கிறேன், எனக்கு அது கட்டுப்படியாகிறது. அந்த 50ம் மினிமத்தில் சேராதாம். கேட்டேன், "அது வேறு சேவை" என்றார்கள்.

ஊசிமுனை

அப்படியானால் பழைய பிளானுக்கே போய்விடுங்களேன்.

கடல்வாசம்

அதற்குத்தான் எழுதினேன். பன்னிரண்டு மாத ஒப்பந்தம், நடுவில் விலகினால் மீதி மாதங்களின் மினிமத்தைக் கட்ட வேண்டும் என்கிறார்கள். ஒப்பந்தத்தில் நான் பார்த்தது 30 நாள் நோட்டீஸ் மட்டும்தான். எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது என்று மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இதுமாதிரி நடுவில் விலகியவர்கள் இருந்தால், என்ன எழுதிக் கொடுத்தீர்கள், மீதி மாதத்துக்குப் பணம் பிடித்தார்களா என்று சொல்லுங்கள்.

பேரேடு

பதில் வரும்வரை விற்பனையைப் பழைய கேட்வேக்கு மாற்றி வையுங்கள். புதியதில் செட்டில்மென்ட் பாக்கி இருந்தால் அதிலிருந்துதான் முதலில் கழிப்பார்கள். பழைய கணக்கை மூடவில்லைதானே?

கடல்வாசம்

மூடவில்லை, கேஒய்சியும் அப்படியே இருக்கிறது. இன்று ராத்திரி மாற்றிவிடுகிறேன்.