ஒன்றாம் வகுப்புப் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது?

திங்கட்கிழமை பள்ளி திறப்பு. திருவாரூர் பக்கம் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளி, ஒன்றாம் வகுப்பில் புதிதாக 22 பிள்ளைகள், பெற்றோரை வரவேற்றுப் பத்து நிமிடம் பேச வேண்டியது நான்தான்.

போன வருடம் காலை உணவு, இடைவேளை, சத்துணவு, வீட்டுக்கு விடும் நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதி வாசித்தேன். யாரும் கவனிக்கவில்லை, எல்லார் கண்ணும் அழுகிற பிள்ளை மேல்தான். அப்புறம் ஜன்னலோரம் நின்றுகொண்டார்கள். அம்மா முகம் தெரியத் தெரிய அழுகை கூடியது. கிளம்பிப் போனவர்களின் பிள்ளைகள்தான் சீக்கிரம் அடங்கினார்கள். சொல்லாமல் நழுவிய ஒருவரின் பையன் மட்டும் நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதனால் இந்த முறை, "சாயங்காலம் மணி அடித்ததும் வாசலில் நிற்பேன்" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு உடனே கிளம்புங்கள் என்பதையே முதலில் வைத்தேன். படித்துப் பார்த்தால் விரட்டுகிற மாதிரி இருக்கிறது, மூன்று தடவை மாற்றியும் சரிவரவில்லை.

மனம் நோகாமல் இதை எந்த வார்த்தைகளில் சொல்வீர்கள்?