மண்ணுக்கு மேலே பச்சைக் கிழங்கு: சீனி எந்த இடத்தில் மாட்டுது?

கந்தப்பளைக்காரன்

இலைச் சுருட்டு பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிட்டீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வாறேன். ஒரே பாத்தி, பக்கத்துப் பக்கத்தில ரெண்டு உருளைக்கிழங்குச் செடி, ரெண்டிலயும் இலை மேல்நோக்கிச் சுருண்டு இருந்திச்சு. ஒண்ணில அடியிலைங்க விறைச்சுத் தடிச்சு, விரல்ல நெரிச்சா மொறமொறன்னு சத்தம். மத்ததில சுருட்டு உச்சிப் பக்கம். அதுல இலைக்காம்பை விலக்கிப் பார்த்தா, தண்டோட ஒட்டுற கக்கத்தில கோலிக்குண்டு அளவுக்குப் பச்சைக் கிழங்கு! லேசா ஊதா படிஞ்சு, கண் எல்லாம் வச்சு, அச்சுக் கிழங்கு மாதிரியே. மண்ணுக்கு அரை அடி மேலே.

ரெண்டு செடியிலயும் சீனி கீழ இறங்கலங்கிறது விளங்குது. ஆனா ஒண்ணு ஏன் மேலேயே கிழங்கு கட்டுது, மத்தது ஏன் கட்டல? இதுதான் மண்டையைக் குடையுது.

ஹட்டன் உயர்தரம்

இது லேசான விஷயம். இலையில இருக்கிற கலங்களுக்கு நடுவுல முதலுரு இணைப்புகள்னு நுண்ணிய ஓட்டைகள் இருக்கு. நோய் வந்தா அந்த ஓட்டைகளோட கழுத்தில கலோசுங்கிற அடைப்புப் பொருள் படிஞ்சு அடைச்சிடும். சுக்குரோசு இலைநடுவிழையத்தில இருந்து, சீனிக் குழாயை ஒட்டி இருக்கிற தோழமைக்கலத்துக்குப் போக முடியாம மாப்பொருளா தங்கிடும். அதனாலதான் இலை விறைக்குது. ரெண்டு செடியும் ஒரே நோய்தான், ஒண்ணு முத்தினது, மத்தது இப்பத்தான் தொடங்கினது.

வெலிமடை மாமா

தம்பி, பச்சைக் கிழங்கைச் சமைக்காதீங்க, கசக்கும், வயித்துக்கும் ஆகாது. மண் அணைச்சு விட்டா சரியாயிடும். எங்க பக்கம் லீக்ஸுக்கும் இப்படித்தான் அணைப்போம்.

கந்தப்பளைக்காரன்

மாமா, மண் விலகி வெயில் பட்டுப் பச்சையான கிழங்கு இல்ல இது. தண்டிலயே முளைச்சது.

பழைய ஆய்வுகூடம்

கந்தப்பளைத் தம்பி கண்டது ஒரு நோயின் இரண்டு கட்டங்கள் அல்ல. இரண்டு வெவ்வேறு இடங்களில் அடைபட்ட இரண்டு செடிகள்.

முதலில் ஹட்டன் தம்பி சொன்னதைப் பார்ப்போம். பூசணி இலையாக இருந்தால் அந்த விளக்கத்தில் பாதி பொருந்தும். அங்கே இலைநடுவிழையத்துக்கும் சீனியைக் கடத்தும் உரியத்துக்கும் நடுவே முதலுரு இணைப்புகள் அடர்த்தியாக இருக்கின்றன. சுக்குரோசு அவற்றின் வழியே உள்ளே வந்ததும் ரஃபினோசு, ஸ்டக்கியோசு என்று பெருத்துவிடுவதால், வந்த வழியே திரும்ப முடியாது. உருளைக்கிழங்கு அப்படி இல்லை. அதன் தோழமைக்கலத்துக்குச் சுற்றியுள்ள கலங்களோடு இணைப்புகள் மிகக் குறைவு. சுக்குரோசு உரியத்துக்கு அருகில் கலத்தை விட்டே வெளியேறிக் கலச்சுவருக்குள் வருகிறது. அங்கிருந்து புரோத்தனோடு சேர்த்து ஒரு கடத்திப் புரதம் அதை உள்ளே இழுக்கிறது. அந்தக் கடத்தி தோழமைக்கலத்தின் மென்சவ்வில் இருக்கிறதா, சீனி ஓடும் குழாயான நெய்யரிக்குழாய் மூலகத்தின் மென்சவ்விலேயே இருக்கிறதா என்பதில் இரண்டு விதமான முடிவுகளும் வெளிவந்திருக்கின்றன. கடத்தி முக்கியம் என்பதில் மட்டும் தகராறு இல்லை. 1990களில் உருளைக்கிழங்கில் அந்த ஒரு கடத்தியின் அளவை மரபணு வழியாகக் குறைத்துப் பார்த்தார்கள். இலையில் சீனியும் மாப்பொருளும் குவிந்தன, இலை சுருண்டது, கிழங்கு சிறுத்தது. ஒரு முதலுரு இணைப்பையும் யாரும் அடைக்கவில்லை.

உள்ளே வந்த பிறகுதான் தோழமைக்கலத்துக்கும் நெய்யரி மூலகத்துக்கும் இடையிலான இணைப்பு வேலைக்கு வருகிறது. இரண்டும் ஒரே தாய்க்கலம் பிரிந்து வந்தவை. அந்தச் சுவரில் தோழமைக்கலப் பக்கம் பல கிளைகள் இருக்கும், நெய்யரிப் பக்கம் அவை சேர்ந்து ஒரே துளையாகத் திறக்கும். நெய்யரி மூலகத்துக்குக் கரு இல்லை, ரைபோசோம் இல்லை. தனக்கு வேண்டிய புரதத்தையும் இந்த வழியாகவே வாங்குகிறது. அதனால் தோழமைக்கலம் செத்தால் குழாயும் நெடுநாள் தாங்காது.

இலைச்சுருட்டு வைரசு தங்குவது இந்த இரண்டு கலங்களில்தான். உரியத்தை விட்டு அது வெளியே பரவுவது அபூர்வம். அந்த இழைகள் பழுத்துச் சாகும், நெய்யரித் தட்டுகளில் கலோசு தடிக்கும். முதல் செடியில் அடைப்பு இலைக்குள்ளேயே, நரம்பிலேயே தொடங்கிவிட்டது. தண்டுக்கு வரும் சீனியே குறைவு. வராத சீனியை வைத்துக் கக்கத்தில் கிழங்கு எப்படிக் கட்டும்?

இரண்டாவது செடியில் இலை நன்றாகவே ஏற்றுகிறது, குழாயும் ஓடுகிறது. அடைப்பு கீழே, மண்மட்டத்தில். அந்தச் செடியின் அடித்தண்டைத் தோண்டிக் கழுவிப் பாருங்கள். பழுப்பாகக் குழிந்த புண் சுற்றிவர இருந்தால் அது ரைசொக்டோனியா என்ற பங்கசு. இறங்கி வந்த சீனிக்குப் போக்கிடம் இல்லாததால், அருகில் இருக்கும் கக்க மொட்டுகள் அதைப் பெற்றுக் கிழங்காகின்றன.

கந்தப்பளைக்காரன்

இப்பத்தான் போய்த் தோண்டினேன். நீங்க சொன்ன மாதிரியே புண் இருக்கு, முக்கால் வட்டத்துக்கு மேல. ஆனா சேர், கீழேயும் கிழங்கு இருக்கே! சின்னதா நாலஞ்சு. மொத்தமா அடைச்சிருந்தா அது எப்படி வந்துச்சு?

பழைய ஆய்வுகூடம்

உருளைக்கிழங்குத் தண்டில் உரியம், நீர் கடத்தும் காழுக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் இருக்கிறது. புண் வெளி உரியத்தைத் தின்றாலும் உட்புறத்தது கொஞ்சம் ஓடும். காழ் பிழைத்திருப்பதால் செடி வாடவும் இல்லை. புண் உருவாகும் முன்பே கட்டிய கிழங்குகளும் அவற்றில் இருக்கலாம். எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

பண்டாரவளை செல்வி

சேர் பூசணியைப் பத்திச் சொன்னதால கேக்கிறேன். எங்க வீட்டுக் கொல்லைப் பூசணியில கொடியை நறுக்கினா பளிச்சுன்னு ஒரு துளி வரும். தொட்டா வழவழன்னு இருக்கும், கொஞ்ச நேரத்தில கட்டியாயிடும், அதோட நின்னுடும். ஆனா கித்துள் பூவைச் சீவினா பானை நிறையச் சொட்டுது. ரெண்டும் உரியச் சாறுதானே? ஒண்ணு மட்டும் ஏன் அடைக்காது?

ஹட்டன் உயர்தரம்

கித்துளுக்குப் பனை இனத்து வேர் அமுக்கம் அதிகம் அக்கா. அது காழ்ச் சாறு.

பழைய ஆய்வுகூடம்

இல்லை தம்பி. கித்துள் பாணி காய்ச்சும் அளவுக்குச் சுக்குரோசு நிறைந்த சாறு உரியத்தில் இருந்துதான் வரும். அதுவும் அடைக்கும். அதனால்தான் நாள்தோறும் மெல்லிய சீவல் எடுத்துப் புது முகம் திறக்கிறார்கள். சீவலை நிறுத்தினால் சொட்டு குறைந்து நின்றுவிடும்.

பூசணித் துளி கட்டியாவது, அதன் புரதங்கள் காற்றுப் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து களியாகிவிடுவதால். ஆனால் அந்தத் துளியைப் பூசணியின் சீனிப் போக்குவரத்துக்குச் சான்றாக எடுக்காதீர்கள். அதன் பெரும்பகுதி வழமையான கலன்கட்டுகளில் இருந்து வருவதில்லை, அவற்றுக்கு வெளியே ஓடும் தனி உரியத்தில் இருந்து வருகிறது என்று காட்டியிருக்கிறார்கள். நக்கிப் பார்த்தால் தெரியும், கித்துள் அளவுக்கு இனிக்காது. அந்தத் தனி உரியம் எதற்கு என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது.

ஹட்டன் உயர்தரம்

சரி சேர், அப்ப உருளைக்கிழங்கில முதலுரு இணைப்புக்கு வேலையே இல்லையா? பாடத்தில அவ்வளவு எழுதுறோமே.

பழைய ஆய்வுகூடம்

மறுமுனையில் வேலை இருக்கிறது. தரைக்கீழ்த் தண்டின் நுனி நீளும்வரை சீனி அங்கேயும் கலச்சுவர் வழியாகத்தான் பெரும்பாலும் இறங்குகிறது. அந்த நுனி பருத்துக் கிழங்காகத் தொடங்கும்போது வழி மாறுகிறது. உரியத்தில் இருந்து சேமிப்புக் கலங்களுக்கு முதலுரு இணைப்புகள் வழியே நேரே பாய்கிறது. ஏற்றுவது பம்பால், இறக்குவது துளையால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன கலோசு அடைப்பு கிழங்கின் பக்கம் நடந்தால் உண்மையிலேயே பாதிக்கும்.

ராகலை டீச்சர்

வகுப்பில காட்ட ஒரு வழி சொல்றேன், நோயைப் பிரிச்சறியவும் உதவும். பொழுது விடியும் முன்னே ஒரே பாத்தியில சுகமான செடியில ஒரு சிற்றிலை, சுருண்டதில ஒண்ணு, ரெண்டுமே அடியில இருந்து ஒரே உயரத்தில பறிக்கணும். கொதிநீரில ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, மதுசாரம் உள்ள சோதனைக்குழாயில வச்சு, குழாயைச் சுடுநீர்க் கிண்ணத்தில நிறுத்துங்க. அடுப்பை அணைச்சிட்டுத்தான் இதைச் செய்யணும், மதுசாரம் தீப்பிடிக்கும். இலை வெளுத்ததும் வெதுநீரில கழுவி அயடீன் விடுங்க. சுகமான இலை இரவில மாப்பொருளைக் கரைச்சு அனுப்பியிருக்கும், அதனால மஞ்சள் பழுப்புதான் வரும். அடைபட்டது கருநீலமாகும்.

சாயங்காலம் பறிச்சா ரெண்டுமே கருநீலம், ஒண்ணும் தெரியாது. இன்னொண்ணு, நுவரெலியாப் பக்கம் தை மாசத்துக் குளிரில சுகமான இலையும் முழுக்க அனுப்பி முடிக்காது. அதனால ஒத்த இலையை வச்சு முடிவு கட்டாதீங்க, எப்பவும் பக்கத்துச் செடியோட ஒப்பிட்டுப் பாருங்க. மக்னீசியம் குறைஞ்ச இலையிலயும் மாப்பொருள் தேங்கும், ஆனா அதுல நரம்புக்கு நடுவுல மஞ்சள் விழும்.

வெலிமடை மாமா

நான் முதல்ல மண் அணைக்கச் சொன்னதை விடுங்க. ஆனா ஒண்ணைச் சொல்லித்தான் ஆகணும். பொடிக் கிழங்கை விதைக்குன்னு ஒதுக்காதீங்க. பெரிசு சந்தைக்கு, பொடிசு விதைக்குன்னு எல்லாரும் பண்றோம். சுருட்டு பிடிச்ச செடி பொடிசாத்தான் கட்டும், ஆக நாமளே தேடித் தேடி நோய்ச் செடியோட கிழங்கை விதைக்கு எடுக்கிறோம். செடி பச்சையா நிக்கும்போதே நல்ல செடிக்குக் குச்சி நட்டு அடையாளம் வைங்க, அதுல இருந்து விதை எடுங்க. விதைக் கிழங்கிலயே வைரசு இருந்தா அடியிலைங்க முதல்ல சுருளும். அந்தப் போகத்திலயே புதுசா ஏறினா உச்சி இலைங்க முதல்ல சுருளும். உச்சி சுருண்ட செடியை அயடீன் போட்டுப் பார்த்துட்டு உக்காந்திருக்காம அடித்தண்டையும் தோண்டுங்க, ரைசொக்டோனியாவும் உச்சியைத்தான் சுருட்டும். வைரசுன்னு உறுதியானா பிடுங்கிப் பைக்குள்ள போட்டு வெளிய கொண்டு போங்க, உதறினா அழுக்கணவன் பக்கத்துச் செடிக்குத் தாவிடும். கத்தியைத் துடைக்கிறதில புண்ணியமில்ல, இந்த வைரசு கத்தியில போகாது. அழுக்கணவன் ஊசியை உரியத்துக்குள்ளயே இறக்கி உறிஞ்சினாத்தான் போகும். ரைசொக்டோனியாவுக்கு விதைக் கிழங்குத் தோலைப் பாருங்க. கழுவினாலும் போகாத கறுப்புப் பொருக்கு இருந்தா அதை நடாதீங்க.

கந்தப்பளைக்காரன்

மிச்ச விதை மூட்டையில கறுப்புப் பொருக்கு இருக்கு மாமா. நகத்தால சுரண்டினா வருது, தண்ணிக்கு வரல. டீச்சர், சுருண்ட ரெண்டு செடி, சுகமான ஒண்ணு, மூணுலயும் நாளை விடியக்காலை இலை பறிக்கிறேன். கக்கத்தில கிழங்கு கட்டின செடியோட இலை என்ன நிறம் காட்டணும்? ஏற்றம் நல்லா நடக்குதுன்னா மஞ்சளா, இல்ல கீழ போக்கில்லாததால அதுவும் கருநீலமா?

பழைய ஆய்வுகூடம்

நடுத்தரமாக வரும் என்று நினைக்கிறேன். கக்கக் கிழங்கு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்கு இலை காலியாகும். கிழங்கு கட்டிய கணுவுக்கு நேர் இலையையும், கட்டாத கணுவின் இலையையும் தனித்தனியாகப் பறியுங்கள்.