முதல் ஃப்ளைட், ஜன்னல் சீட் போட்டோ, கேப்ஷன் மட்டும் வரல

மக்களே ஒரு உதவி. நான் கோத்தகிரி, நேத்து காலைல கோயம்புத்தூர்ல இருந்து சென்னைக்கு முதல் தடவையா ஃப்ளைட் ஏறினேன், ஜன்னல் சீட். வண்டி ரன்வேல ஓடி மூக்கத் தூக்கினப்போ வயிறு அப்படியே கீழயே நின்னுடுச்சு, ஒரு கையால சீட்டுப் பிடிய இறுக்கிட்டு மறு கையால எடுத்த போட்டோ இது. கீழ மேகம், ஓரத்துல றெக்கை, கண்ணாடில இருக்குற குட்டி ஓட்டையச் சுத்தி பனி, கூடவே முழிச்சிட்டிருக்குற என் மூஞ்சி மங்கலா.

"கனவு பறக்குது" போட்டேன், ஆட்டோ பின்னாடி எழுதின மாதிரி இருக்கு. "வானமே எல்லை" ஊரே போட்டாச்சு. தங்கச்சி சொன்னது "பயந்தாங்கொள்ளி பறக்குது", அது முடியாது.

ஒண்ணு மட்டும் பிடிச்சிருக்கு: ஃப்ளைட் எவ்ளோ மேல போனாலும் உள்ள காத்தழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைல இருக்குற மாதிரிதான் வைப்பாங்களாம், அதாவது கிட்டத்தட்ட நம்ம ஊரு உயரம். காது அடைச்சதும் மேட்டுப்பாளையம் ரோட்டுல அடைக்கிற அதே அடைப்புதான். மலைக்காரனுக்கு உயரம் பயமில்ல, தரை இல்லாததுதான் பயம்!

இத ரெண்டே வரில, சந்தோஷமும் நடுக்கமும் சேர்ந்து வர்ற மாதிரி எப்படி எழுதலாம்?